மூன்றாம் கவுண்டரில் தட்டான்கள்

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குத் திரும்பும் சாலையில், ஐஸ் ஃபேக்டரிக்கு எதிரே இருக்கும் வங்கிக் கிளையில், ஓர் ஐப்பசிப் புதன்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு, மூன்றாம் கவுண்டரில் நின்று சீலா மீன் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த இஞ்ஞாசியம்மாளின் வாயிலிருந்து ஒரு தட்டான்பூச்சி வெளியே வந்தது. கண்ணாடித் தடுப்பில் மோதி, சுதாரித்துக்கொண்டு, பணம் கொடுக்கும் அரைவட்ட ஓட்டை வழியாக உள்ளே போய், கேஷியர் கோமதிநாயகத்தின் நோட்டு எண்ணும் மெஷின்மேல் உட்கார்ந்தது. நல்ல நீல நிறம். கோமதிநாயகம் அதைப் பார்த்தார், அம்மாளைப் பார்த்தார், பின்னால் வரிசையில் நின்ற பத்துப் பேரைப் பார்த்தார். பிறகு எப்போதும் கேட்பதைத்தான் கேட்டார்.

"பிறகு?"

"பிறகென்ன, கிலோ ஆயிரத்து நூறு சொல்லுதான் தம்பி. மீனுக்கா, படகுக்கான்னு கேட்டேன்."

இரண்டாவது தட்டான் வந்தது.

இஞ்ஞாசியம்மாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வயது எழுபத்து நான்கு. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நான்கு வருஷம் வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் கால் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகி ஆறு வருஷம், ஒரே மகன் மஸ்கட்டில். பென்ஷன் இந்தக் கிளையில்தான் விழுகிறது. மாசம் ஒருதரம் வந்தால் போதும் என்கிற வேலைக்கு அவர் வாரத்தில் நாலு நாள் வருவார். திங்கட்கிழமை ஐந்நூறு ரூபாய் எடுப்பார், புதன்கிழமை பாஸ்புக்கில் அந்த ஐந்நூறு ஏறிவிட்டதா என்று பதிந்து பார்ப்பார், வியாழக்கிழமை பதிந்தது மங்கலாக இருக்கிறது என்பார், வெள்ளிக்கிழமை அடுத்த வருஷத்துக்கு வைப்பு வட்டியில் வரி பிடிக்காமல் இருக்கக் கொடுக்கவேண்டிய 15H படிவம் வந்துவிட்டதா என்று கேட்பார். அது ஏப்ரலில்தான் வரும் என்பது கோமதிநாயகத்தைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பேசத்தான் வருகிறார் என்பது கிளைக்கே தெரியும். கோமதிநாயகமும் லேசுப்பட்ட ஆள் இல்லை; ஒரு கையால் செலானில் முத்திரை குத்திக்கொண்டே, கண் கம்ப்யூட்டரில் இருக்க, காதை மட்டும் அந்த அம்மாளுக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். அவர் செய்வதெல்லாம் நடுநடுவே "பிறகு?" என்று கேட்பதுதான். அந்த ஒரு வார்த்தையை மனசாரக் கேட்க ஆள் கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்பது தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

முதல் வாரம் கூட்டம் கூடியது. இரண்டாவது வாரம் கூட்டம் கலைந்தது. மூன்றாவது வாரம், தட்டான்கள் தின்று தீர்த்ததில் கிளையில் கொசு இல்லை என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அட்டெண்டர் இசக்கியப்பன். அதற்கப்புறம் ஐஸ் ஃபேக்டரியில் இல்லை, டீக்கடையில் இல்லை, பின்னால் இருக்கும் தண்ணீர் தேங்கிய காலிமனையில்கூட இல்லை. காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்து, டோக்கன் எடுக்காமல், மூன்றாம் கவுண்டர் பக்கமாகச் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். மேனேஜர் தேன்மொழி ஏ.சி.யை நிறுத்தி ஜன்னல்களைத் திறந்துவைக்கச் சொன்னார், தட்டான்கள் போய்வர வசதியாக. மின்விசிறிகளில் இறக்கை அடிபடாமல் இருக்க வேகம் ஒன்றுக்குமேல் வைக்கக்கூடாது என்று சுவிட்சுக்குப் பக்கத்தில் இசக்கியப்பன் காகிதம் ஒட்டினார். வேர்த்துக் கொட்டியது, ஒருத்தரும் குறை சொல்லவில்லை.

மீனைப் பற்றிப் பேசினால் நீலம், செத்துப்போன கணவரின் கஞ்சத்தனத்தைப் பற்றிப் பேசினால் சிவப்பு, எக்ஸ்சேஞ்சு நாட்களைப் பற்றிப் பேசினால் பொன்நிறத்தில் சின்னச்சின்னதாகக் கூட்டம் கூட்டமாக வரும். எக்ஸ்சேஞ்சுக் கதைதான் வரிசையில் நிற்பவர்களுக்கும் பிடித்தது.

"மூணு நிமிஷம்தான் ஒரு கால். மூணு நிமிஷம் ஆனதும் நாங்க லைன்ல வந்து, டைம் ஆயிட்டு, எக்ஸ்டெண்ட் பண்ணவான்னு கேப்போம். பண்ணுங்கன்னா விட்டுருவோம். இல்லைன்னா போர்டுல சொருகியிருக்க ஒயரை உருவிருவோம். ஆனா ஒண்ணு தம்பி, டைம் இருக்கும்போது நாங்களா ஒருநாளும் கட் பண்ணதில்ல. அழுதாலும் சரி, ஏசினாலும் சரி, பேசுத பார்ட்டிதான் போனை வைக்கணும். அது எங்க தொழில் தர்மம்."

"பிறகு?"

"கொழும்புக்கு ஒருத்தன் கால் போட்டாம். அவம் பேசவே இல்ல. மூணு நிமிஷமும் அந்தப் பக்கம் பொண்டாட்டி மூச்சு விடுதத கேட்டுக்கிட்டே இருந்தாம். எக்ஸ்டெண்ட் பண்ணவான்னு கேட்டேன். பண்ணுங்கன்னாம்."

அன்றைக்கு வந்த பொன்தட்டான்கள் மாலை வரை கூரையில் தொங்கிக்கொண்டிருந்தன.

மாநகராட்சியிலிருந்து வந்து, எங்கள் வார்டுக்கும் ஒருநாள் வந்து பேசுங்கள், கார் அனுப்புகிறோம் என்றார்கள். அம்மாள் போனார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். அரைமணி நேரம் பேசினார். ஒரு தட்டான்கூட வரவில்லை. 'பிறகு?' என்று கேட்க ஆள் இல்லாத இடத்தில் எப்படி வரும் என்று திரும்பி வந்துவிட்டார். நவம்பரில் பென்ஷன்காரர்கள் உயிரோடு இருக்கிறோம் என்று நிரூபிக்கிற வழக்கமான சடங்கு வந்தபோது, வயசாகி ரேகை தேய்ந்துபோன அவர் விரலை ரேகை மெஷின் ஏற்க மறுத்தது, ஐந்துதரம் துடைத்துத் துடைத்து வைத்தும் ஏற்கவில்லை. மேனேஜர் தேன்மொழி நேரில் பார்த்து காகிதப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆடிட்டர் வந்து, கிளையின் பொருள் பதிவேட்டில் இந்தப் பூச்சிகள் ஏன் இல்லை என்று கேட்டதற்கு, அவை வாடிக்கையாளருடையவை, வங்கி பாதுகாப்புக்கு ஏற்றுக்கொள்ளவில்லை என்று எழுதிக் கொடுத்ததும் அதே தேன்மொழிதான். ஆடிட்டர் அந்தப் பதிலில் குறை கண்டுபிடிக்க முடியாமல் ஊருக்குப் போனார்.

இப்படியாக ஒரு வருஷம் ஓடியது. அடுத்த வருஷம் இரண்டாம் சனி, ஞாயிறு, அதைத் தொட்டாற்போல் ஒரு பண்டிகைத் திங்கள் என்று வங்கிக்கு மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தது. விடுமுறை முடிந்த செவ்வாய்க்கிழமை காலையில் பத்து மணிக்கு ஷட்டரைத் தூக்கும்போதே இஞ்ஞாசியம்மாள் வாசலில் நின்றார். தோளில் கைப்பை. அதன் ஜிப் இரண்டு விரற்கடை திறந்திருந்தது.

"வாங்கம்மா. மூணு நாள் கடையைப் பூட்டிட்டோம். மீனெல்லாம் எப்படி?" என்றார் கோமதிநாயகம்.

"நல்லாருக்கு."

ஒன்றும் வரவில்லை. சரி, காலை நேரம், தொண்டை கட்டியிருக்கும் என்று கோமதிநாயகம் நினைத்துக்கொண்டார். அம்மாள் ஒரு காகித உறையை அரைவட்ட ஓட்டை வழியாகத் தள்ளினார். உள்ளே பதினோரு லட்ச ரூபாய்க்கான வைப்பு ரசீது. ரிட்டயர் ஆனபோது வந்த பணமும் கணவர் எல்.ஐ.சி.யும் சேர்ந்தது. அதோடு ஒரு துண்டுத்தாளில் யாருடையதோ ஒரு பெயரும் கணக்கு எண்ணும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் கோணல்மாணலான எழுத்தில் இருந்தன.

"இத முடிச்சிட்டு, முழுசையும் இந்தக் கணக்குக்கு ஆர்.டி.ஜி.எஸ்.ல அனுப்பணும்."

"முடிக்கவா? இன்னும் எட்டு மாசம் இருக்கே. இப்ப முடிச்சா வட்டியில ஒரு பெர்சென்ட் பிடிச்சிருவாங்கம்மா."

"பிடிச்சுக்கோ."

இங்கேதான் கோமதிநாயகம் முத்திரையைக் கீழே வைத்தார். முன்பு ஒருதரம் குறுஞ்செய்திக் கட்டணம் என்று பதினேழு ரூபாய் பிடித்ததற்கு இரண்டு மணி நேரம் நின்று, மேனேஜரைக் கூப்பிட வைத்து, நாற்பது சிவப்புத் தட்டான் விட்டுப் பதினேழு ரூபாயையும் திரும்ப வாங்கிய பெண்மணி இவர். இன்றைக்கு வட்டியில் ஆயிரக்கணக்கில் குறையும் என்று சொல்லியும், பிடித்துக்கொள் என்கிறார்.

"எதுக்கும்மா பணம்?"

"மகன் வீடு வாங்குதான்." பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சொன்னார்.

"மஸ்கட்லயா?"

"ஆமா."

"பிறகு?"

இஞ்ஞாசியம்மாள் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அந்த வாயிலிருந்து ஒரு கொசு அளவுக்குக்கூட எதுவும் புறப்படவில்லை. வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு வருஷமாக அந்தச் சத்தத்துக்குப் பழகிப்போன ஹாலில், இறக்கைச் சத்தம் இல்லாமல் மின்விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

கோமதிநாயகம் துண்டுத்தாளை மறுபடி பார்த்தார். மஸ்கட்டில் வாங்கும் வீட்டுக்குப் பணம் வாங்குபவர் வடக்கே எங்கேயோ ஒரு ஊரில் நடப்புக் கணக்கு வைத்திருக்கும் ஏதோ டிரேடர்ஸ். கோமதிநாயகம் கம்ப்யூட்டரில் விவரங்களைத் தட்டினால் மட்டும் பணம் போகாது. மேனேஜர் தன் திரையில் சரிபார்த்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். ஆனால் ஒப்புதல் கொடுத்துவிட்டால் அரைமணிக்குள் அந்தக் கணக்கில் விழுந்துவிடும், அது ஏமாற்றுக்காரர்கள் கணக்காக இருந்து, விழுந்ததை அவர்கள் ஐந்தாறு கணக்குகளுக்குப் பிய்த்து மாற்றிவிட்டால் பிறகு கூப்பாடு போட்டுப் பிரயோஜனம் இல்லை. அவர் ரசீதைத் திருப்பினார். பின்பக்கம் கையெழுத்துப் போடச் சொல்வதற்காகக் குனிந்தபோதுதான் பார்த்தார், கைப்பையின் திறந்த ஜிப்புக்குள் வெளிச்சம் தெரிந்தது. செல்போன் எரிந்துகொண்டிருந்தது. யாரோ கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

"சர்வர் ஸ்லோவா இருக்கும்மா, கொஞ்சம் பொறுங்க" என்று சத்தமாகச் சொன்னார். சர்வர் அன்றைக்கு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஒரு செலானைத் திருப்பி, அதன் பின்பக்கம் எழுதி நீட்டினார்.

*போன்ல யாரு?*

அம்மாள் பேனாவை எடுத்தார். சங்கிலி போட்டுக் கட்டிய பேனா. அது எட்டும் தூரத்துக்குக் குனிந்து எழுதினார்.

*போலீஸ். மகன் அனுப்பின பார்சல்ல போதை மருந்தாம். நான் யார்கிட்ட சொன்னாலும் அங்க அவனைப் பிடிச்சிருவாங்களாம். பணத்தைச் சரிபார்த்துட்டுத் திருப்பித் தருவாங்களாம்.*

*போலீஸ் போன்ல கைது பண்ணாது. பணமும் கேட்காது. இது திருட்டுக் கும்பல். மகன்கிட்ட பேசினீங்களா?*

*பேச விடலை. சனிக்கிழமைல இருந்து லைன்லயே இருக்கேன்.*

*கட் பண்ணுங்க.*

இஞ்ஞாசியம்மாள் அதைப் படித்தார். கண் கலங்கிற்று. எழுதினார்.

*நானா எப்படித் தம்பி கட் பண்ணுவேன். பார்ட்டி இன்னும் பேசிக்கிட்டு இருக்காரே.*

கோமதிநாயகத்துக்கு ஒரு கணம் எரிச்சல் வந்தது, மறுகணம் விஷயம் புரிந்தது. மூன்று நாள், மூன்று ராத்திரி, தூங்கும்போதும் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த அம்மாள் லைனைத் துண்டிக்காமல் இருந்ததற்குக் காரணம் பயம் பாதிதான். மீதிப் பாதி, முப்பத்து நான்கு வருஷம் அந்தக் கை பழகிய பழக்கம். யாரை ஏமாற்றுகிறோம் என்று அந்தத் திருடனுக்குத் தெரியாது. ஊரிலேயே போனை வைக்கத் தெரியாத ஒரே பெண்மணியின் நம்பரில் போய் விழுந்திருக்கிறான். பைக்குள்ளிருந்து, என்ன தாமதம், பேங்க்காரன் என்ன கேட்கிறான் என்று ஒரு குரல் தணிந்து உறுமியது. அம்மாளின் கை தானாகப் பையை நோக்கிப் போயிற்று.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து தேன்மொழி எழுந்து வந்து கோமதிநாயகத்தின் பின்னால் நின்றார். செலானைப் படித்தார். இசக்கியப்பனுக்குக் கைகாட்ட, அவர் வரிசையை இரண்டாம் கவுண்டருக்கு நகர்த்தினார். மேனேஜர் ஒப்புதலை நிறுத்திவைக்கலாம், கணக்கிலிருந்து பணம் வெளியே போகாமல் பூட்டு போடலாம், ஆனால் அம்மாள் நாளைக்கு வேறு கிளைக்கோ, நகைக்கடனுக்கோ போனால் யார் தடுப்பது? அந்த லைன் அறுபடாத வரைக்கும் அவர் அவனுடைய ஆள்தான். கையைப் பிடித்துப் போனைப் பிடுங்கலாம். பிடுங்கினால் திரும்ப அழைப்பான், இவர் எடுப்பார்.

கோமதிநாயகம் இன்னொரு செலானை எடுத்தார். ஒரு வருஷமாகக் கேட்ட கதைகளில் அவர் ஒன்றையும் மறக்கவில்லை. எழுதினார்.

*மேடம், மூணு நிமிஷம் ஆயிட்டு.*

அம்மாள் அதை ஒருதரம் படித்தார். இரண்டாந்தரம் படித்தார். கூன் விழுந்திருந்த முதுகு நிமிர்ந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். பைக்குள் கைவிட்டுப் போனை எடுத்தார். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவன், பின்னால் கொடி, மேஜையில் லத்தி.

"ஹலோ," என்றார் இஞ்ஞாசியம்மாள். கிளையில் யாரும் அதுவரை கேட்டிராத குரல் அது. ஏற்ற இறக்கம் இல்லாமல், மரியாதையாக, கல்மாதிரி இருந்தது. "ஆபரேட்டர் பேசறேன். உங்க டைம் முடிஞ்சிருச்சு. எக்ஸ்டென்ஷன் கிடையாது."

அவன் கத்த ஆரம்பித்தான். அம்மாள் கட்டைவிரலால் அழுத்தினார். தேய்ந்த ரேகைதான், ஆனால் இந்தத் தடவை எடுபட்டது.

உடனே திரும்ப அழைத்தான். அம்மாள் போனைக் கோமதிநாயகத்திடம் கொடுக்கவில்லை. தானே துண்டித்தார். மூன்றாம் முறையும் துண்டித்தார். நான்காம் முறை அழைப்பு வரவில்லை.

அதற்குப்பின் நடக்க வேண்டியவை நடந்தன. தேன்மொழி சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் எண் வாங்கினார். அந்த டிரேடர்ஸ் கணக்கு எண்ணையும் அழைத்த நம்பரையும் கொடுத்தார். தன் போனிலிருந்து மஸ்கட்டுக்குப் பேச வைத்தார். மகன் வேலையிடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், பார்சல் என்று எதுவும் அவன் அனுப்பியதே இல்லை. வைப்பு ரசீது முறியாமல் உறைக்குள் திரும்பிப் போயிற்று. அம்மாள் ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்து, இசக்கியப்பன் வாங்கிவந்த டீயைக் குடித்தார். யாரும் அவரை, படித்த நீங்களே இப்படியா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோமதிநாயகம் அடித்திருப்பார்.

டீ முடிந்ததும் அம்மாள் மூன்றாம் கவுண்டருக்கு வந்து நின்றார்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும் தம்பி. அத எழுதிக் காட்ட முடியல."

"சொல்லுங்கம்மா."

"அவன் திருடன்னு எனக்கு ஞாயித்துக்கிழமையே தோணிட்டு. ஆனா காலையில எந்திச்ச உடனே, எந்திச்சியாம்மான்னு கேட்டான். மத்தியானம், சாப்பிட்டியான்னு கேட்டான். ராத்திரி, மாத்திரை போட்டியான்னு கேட்டான். எனக்கு என்ன மாத்திரைன்னு மூணு நாள்ல அவனுக்குத் தெரிஞ்சிட்டு. பேங்க் பூட்டிக் கிடக்கு. வேற யாரு கேக்கா? பதினோரு லட்சத்தக் கொடுத்துரலாம்னே ஒரு நேரம் நெனச்சேன், வேற எதுக்கும் இல்ல, லைன் போயிருமேன்னு."

ஒவ்வொரு ஜனவரியிலும் விடுமுறைப் பட்டியல் வந்தவுடன் மூன்று நாள் சேர்ந்தாற்போல் எப்போது வருகிறது என்று முதலில் தேடி, சிவப்பு மையில் வட்டம் போட்டு, குற்றாலத்துக்கு ரூம் போடுகிறவர் கோமதிநாயகம். அந்த வட்டத்துக்குள் இந்த அம்மாள் இருந்தார் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

"வர்ற ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வாங்கம்மா," என்றார். "காலையிலயே வந்துருங்க. சாப்பிட்டுட்டு, சாயங்காலம் வரைக்கும் பேசிக்கிட்டு இருக்கலாம்."

இஞ்ஞாசியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உன் பொண்டாட்டிகிட்ட கேட்டியா?"

"இல்ல. அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

"அதெல்லாம் சரிப்படாது. இன்னைக்குத்தான் எனக்குப் புத்தி வந்துருக்கு. கவுண்டர்ல உக்காந்து ஒருத்தன் வான்னு சொன்னா நான் நம்பி வந்துரணுமா? அவளே எனக்குப் போன் பண்ணட்டும். நான் கட் பண்ணிட்டு, நானே திருப்பிக் கூப்பிட்டு, அவதானான்னு விசாரிச்சிட்டுத்தான் வருவேன்."

சொன்னபடியே செய்தார். அன்று மாலை ஆறு மணிக்குக் கோமதிநாயகத்தின் மனைவி சண்முகவடிவு அழைத்து, "அம்மா, ஞாயித்துக்கிழமை கட்டாயம் வரணும்," என்று சொல்லி முடிப்பதற்குள் லைன் டக்கென்று அறுந்தது. ஒரு நிமிஷம் கழித்து அதே நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. கணவர் பெயர் என்ன, குற்றாலத்தில் கடைசியாக எந்த விடுதியில் தங்கினீர்கள், அவருக்கு ராத்திரி குறட்டை உண்டா என்று மூன்று கேள்வி. மூன்றாவது கேள்விக்குச் சண்முகவடிவு சொன்ன பதில் நீண்டது, பத்து நிமிஷத்துக்கு மேல் நீண்டது, கல்யாணமான புதிதில் ஆரம்பித்து மாமியாருக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்குத் தாவியது. சோபாவில் உட்கார்ந்து தன் மானம் போவதைக் கேட்டுக்கொண்டிருந்த கோமதிநாயகம், இனி போதும் வை என்று சைகை காட்டினார்.

சண்முகவடிவு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "நீங்க சும்மா இருங்க," என்றாள். "கல்யாணமாகி இந்தப் பதினஞ்சு வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு ஆள் எங்கிட்ட 'பிறகு'ன்னு கேட்டிருக்கு."